காணி நிலத்தில் வடசொல் தேடும்போது நேரும் தவறுகள்

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அதனாலோ என்னவோ, புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் மாணவர்கள் கவிதையை ஆராயத் தொடங்கினால் முதலில் அவர்மீதுதான் கை வைக்கிறார்கள். ‘காணி நிலம் வேண்டும்’ பாட்டில் தமிழ்ச் சொல் எது, வடசொல் எது, கவிஞர் ஏன் அப்படித் தேர்ந்தார் என்று எழுதும்போது அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஜ, ஷ, ஸ, ஹ இருந்தால்தான் வடசொல் என்று எண்ணுவது முதல் தவறு. இந்தப் பாட்டில் அந்த எழுத்துகளைத் தேடினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். பராசக்தி, சித்தம், பத்தினி, கவிதை, பாலித்திட எல்லாம் தமிழ் எழுத்திலேயே நிற்கின்றன. வடசொல் ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடவெழுத்தை விட்டு விலகி வரும் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. எனவே அகராதியைத் திறக்காமல் வேலை ஆகாது. முத்து போன்ற சில சொற்களின் பிறப்பில் அறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. அப்படிப்பட்ட சொல்லின் மீது கட்டுரையின் பாரத்தை ஏற்றாதீர்கள்.

சொற்களைப் பிரித்தபின் ஓர் ஒழுங்கு தெரியும். காணி, நிலம், கேணி, தென்னை, கீற்று, இளநீர், குயில், தென்றல் எனக் கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் உடம்பில் படுவதும் பெரும்பாலும் தமிழ்ச் சொற்கள். எங்கள் பக்கத்தில் இன்றும் நூறு குழி ஒரு காணி என்றுதான் நிலத்தைப் பேசுகிறார்கள். பராசக்தி, சித்தம், கவிதை என்று தெய்வம், மனம், கலை பக்கம் போகும்போது வடசொல் வருகிறது. இதைப் பார்த்தவுடன் ‘மண்ணுக்குத் தமிழ், விண்ணுக்கு வடமொழி’ என்று எழுதிவிடத் தோன்றும். எழுதுவதற்கு முன் யாப்பைப் பாருங்கள்.

சித்தம் வரும் இடத்தை எடுத்துக்கொள்வோம். அந்தப் பகுதியின் அடிகள் ‘பத்துப் பன்னிரண்டு’, ‘முத்துச் சுடர்போலே’, ‘கத்துங் குயிலோசை’ என்று தொடங்கிப் பிறகு ‘என்றன் சித்தம் மகிழ்ந்திடவே’ என்று வருகின்றன. சித்தத்தை எடுத்துவிட்டு ‘உள்ளம் மகிழ்ந்திடவே’ என்று போட்டுப் பாருங்கள். இரண்டும் தேமாதான், ஓசை இடறாது, பொருளும் கெடாது. ஆனால் எதுகை அறுந்துபோகும். பத்து, முத்து, கத்து என்று போட்ட கவிஞருக்கு இங்கே வேண்டியது தகர ஒற்று. ஆகவே சித்தம் என்ற சொல்லை வைத்து மட்டும் வடமொழித் தத்துவச் சார்பு என்று முடிவு கட்டுவது செல்லாது. இப்படி ஒரு மாற்றுச் சொல்லைப் போட்டுப் பார்க்காமல் எழுதிய எந்த விளக்கத்தையும் நான் நம்புவதில்லை.

கடைசிப் பகுதி இதைவிடச் சுவையானது. ‘காட்டு வெளியினிலே அம்மா! நின்றன் காவலுற வேணும்’ என்று கேட்டவர், உடனே ‘என்றன் பாட்டுத் திறத்தாலே இவ்வையத்தைப் பாலித்திட வேணும்’ என்கிறார். காத்தலும் பாலித்தலும் நெருங்கிய பொருளுடையவை. காட்டு என்பதற்குக் காவல், பாட்டு என்பதற்குப் பாலித்திட என்று மோனை இங்கும் உதவுகிறது. ஆனால் மோனை மட்டுமே காரணம் என்று நிறுத்தினால் பாதியை இழந்துவிடுவோம். தனக்கு வேண்டும்போது வீட்டு வாசல் அளவுக்குச் சிறிய சொல்லான காவல் வருகிறது. உலகத்துக்கு வேண்டும்போது, காப்பதோடு அருளி வழங்குவதையும் சேர்த்துச் சொல்லும் பாலித்தல் வருகிறது.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பாலித்தல் வடசொல், ஆகவே அது சமஸ்கிருத மணம் வீசுகிறது என்று எழுதுகிறார்கள். கடலூர் மாவட்டத் திருவாமூரில் பிறந்த அப்பர், 7ஆம் நூற்றாண்டிலேயே ‘அன்னம் பாலிக்கும் தில்லைச் சிற்றம்பலம்’ என்று பாடிவிட்டார். ஆயிரம் ஆண்டுக்கு மேல் தேவாரத்தில் ஊறிய சொல் பாரதியிடம் வந்து சேரும்போது அதில் வீசுவது தில்லையின் மணம். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது ஒன்று. யார் யார் வாயில் புழங்கி வந்தது என்பது வேறு. கவிதை வாசகனுக்கு இரண்டாவதே முக்கியம்.

காலத்தையும் மறக்கக் கூடாது. மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் 1916இல் தொடங்கியது. அது வேரூன்றிய பிறகு வடசொல்லைத் தவிர்ப்பதே ஒரு நிலைப்பாடாகக் கேட்கத் தொடங்கியது. அந்த அளவுகோலைப் பாரதிமேல் வைத்துத் திட்டுவதும் பாராட்டுவதும் வீண். அதே புதுச்சேரியின் பாரதிதாசனைப் படிக்கும்போது அந்த அளவுகோல் பொருந்தும். அதற்கும் எல்லை உண்டு. அவருடைய ‘தமிழுக்கும் அமுதென்று பேர்’ என்ற அடியில் உள்ள அமுதை வடமொழி அம்ருதத்தோடு சேர்த்துப் பேசுவோர் பலர். அதைக் காட்டி அவரைப் பிடித்துவிட்டதாகக் கொக்கரிக்கும் கட்டுரைகளையும் பார்த்திருக்கிறேன். குறளிலேயே அமிழ்தம் இருக்கிறது. வந்த சொல் என்றே வைத்துக்கொண்டாலும், அவர் காலத்து வாசகருக்கு அது வந்ததாகவே கேட்டிருக்காது.

இன்று எழுதுவோர் இதைத் திருப்பிப் போட்டுத் தவறு செய்கிறார்கள். தமிழ்ச் சொல் என்றால் எளிமை என்று எண்ணி, சாவி இருக்க வேண்டிய இடத்தில் திறவுகோல் என்கிறார்கள். சாவி போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. ஆனாலும் நம் இடுப்பில் தொங்குவது அதுதான். திறவுகோல் என்றதும் வாசகர் பூட்டைத் தேடமாட்டார், உட்பொருளைத் தேடுவார். அம்மாவின் முந்தானையில் முடிந்திருக்கும் சாவியைப் பற்றிய கவிதையானால், அங்கே சாவி என்றே எழுதிவிடலாம்.