ஆடிப்பட்டம் பார்த்தீர்கள், நாள் கணக்கைப் பார்த்தீர்களா?

இந்த ஆடிப்பெருக்கன்று பக்கத்து வயல் தம்பி விதை மூட்டையோடு வந்தார். முதல் முறையாக நெல் போடுகிறார். "அண்ணே, ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்வாங்கல்ல? நாளைக்கே நாற்றங்கால் விட்டுடறேன்" என்றார். மூட்டையைப் பார்த்தேன், கோ 51. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடத்துக்கு முன் ஆடுதுறை 43-ஐ வைத்துக்கொண்டு நானும் இதையேதான் செய்தேன். இரண்டுமே ஏறக்குறைய 110 நாளில் அறுப்புக்கு வரும் ரகங்கள்.

விதை நேர்த்தி, களை, உரம் பற்றியெல்லாம் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். காவிரி டெல்டாவில் பட்டத்தை வைத்து நெல் போடுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

மாதத்தைப் பிடித்துக்கொண்டு ரகத்தை விட்டுவிடுவது

ஆடியில் விதைக்கச் சொன்ன பெரியவர்கள் கையில் இருந்தது சம்பா. ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும் நெல். அந்தப் பழைய சம்பா ரகங்கள் பலவற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. அவை நாளை எண்ணிப் பூப்பதில்லை. பகல் பொழுது போதுமான அளவு குறைந்த பிறகுதான் கதிர் தள்ளும். அதனால் ஆடி முதலில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் அறுப்பு பெரும்பாலும் தையை ஒட்டியே வரும். பட்டம் பத்து இருபது நாள் முன்பின் போனாலும் பயிரே அதைச் சரிசெய்துகொள்ளும்.

இப்போதைய குறுகிய கால ரகங்கள் அப்படியில்லை. எந்த மாதம் விதைத்தாலும் கிட்டத்தட்ட சொன்ன நாளில் முற்றிவிடும்.

என் கணக்கையே பாருங்கள். ஆடி 18, அதாவது ஆகஸ்ட் 3 வாக்கில் விதைத்தேன். நெல் அறுப்புக்குச் சுமார் 30 நாள் முன்பு பூக்கும். ஆக, பூத்தது 80-ஆம் நாள், அக்டோபர் 22. ஐப்பசி பிறந்து ஐந்தே நாள், வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரம். பூ திறக்கும் முற்பகலில் மழை அடித்தால் மகரந்தம் போய்விடும், பாதிக் கதிர் பதராகும். மிச்சம் முற்றியது நவம்பர் 21, கார்த்திகை 5. தண்ணீரை வடித்து வயலைக் காயவிட வழியில்லை. பயிர் சாய்ந்து நான்கு நாள் தண்ணீரில் கிடந்தது. கதிரைக் கையில் எடுத்தபோது மணியின் அடியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அதற்கு மேல் அது நெல் இல்லை.

இன்றும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான்: ஆடி மாதம் இந்த விதையை விற்றவர், எப்போது விதைக்கப் போகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் இது எத்தனை நாள் ரகம் என்று கேட்கவில்லை.

கணக்கை அறுப்பிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். தை முதல் நாள் அறுக்க வேண்டுமென்றால், 110 நாள் ரகத்தை விதைக்க வேண்டியது செப்டம்பர் 26, புரட்டாசி 10 வாக்கில். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த நாற்றைப் பிடுங்கி நடும்போது ஐப்பசி வந்துவிடும், அடைமழையில் இளநடவு மூழ்கும். மேட்டு வயலுக்கு இது சரி. தண்ணீர் தேங்கும் பள்ள வயலில் 150 நாளுக்கு மேற்பட்ட ரகத்தை ஆடி, ஆவணியிலேயே விட்டுவிடுங்கள். ஐப்பசி மழை வரும்போது அது தூர் கட்டி உயர்ந்து நிற்கும், தண்ணீரைத் தாங்கும்.

தம்பியின் வயல் பள்ளம். கோ 51-ஐ அடுத்த குறுவைக்கு, அதாவது ஜூன் மாத விதைப்புக்கு, எடுத்து வைக்கச் சொன்னேன். 150 நாளுக்கு மேல் நிற்கும் சி.ஆர். 1009 வாங்கிப் போட்டார்.

நடவிலிருந்து நாள் எண்ணுவது

ரகத்துக்குச் சொல்லும் நாள் விதைப்பிலிருந்து எண்ணுவது.

குறுவையைத் தாமதமாகத் தொடங்குவது

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ நம்பித்தான் குறுவை ஓடுகிறது. தண்ணீர் ஒரு மாதம் தள்ளிப்போய், நீங்களும் ஆடியில் விதைத்தால் அது பெயருக்குத்தான் குறுவை. மேலே சொன்ன என் கதைதான் நடக்கும். அந்த வருடம் குறுவையை விட்டுவிட்டு நேராகச் சம்பாவுக்குப் போங்கள்.

அறுத்த பிறகு உளுந்தை யோசிப்பது

தை அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தூவிவிட வேண்டும். கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், தண்ணீர் ஊறி நிற்கக் கூடாது. அந்த ஈரமும் பனியும்தான் உளுந்துக்குப் பாசனம். அறுத்து, வைக்கோலைச் சுருட்டி, அப்புறம் பார்க்கலாம் என்றால் மண் வெடித்திருக்கும்.