மேஸ்திரி பிடிக்கும்போது பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சென்னையில் மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் முதன்முதலாக வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரி தேடுகிற விதம் மாறவே இல்லை. நாலு பேரிடம் சதுர அடி ரேட் கேட்பார்கள், அதில் ஒரு மேஸ்திரி கூட்டிப்போய்க் காட்டும் புது வீட்டைப் பார்ப்பார்கள், அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். ரேட்டில் ஏமாறாமல் இருக்க எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் பார்க்கப்போன வீட்டில்தான் கோட்டை விடுகிறார்கள். வழக்கமாக நடக்கும் தவறுகள் இவை.

கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு வீட்டைப் பார்ப்பது

பட்டி பார்த்து பெயின்ட் அடித்த சுவர் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பூச்சு சரியாக நனைக்கப்பட்டதா, மொட்டை மாடியில் வாட்டம் சரியா என்பதெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழை அடித்த பிறகே வெளியே வரும். அதனால் "இரண்டு மழைக்காலம் தாண்டிய வீட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் அந்த மேஸ்திரி வேண்டாம்.

அந்த வீட்டில் ஹாலைப் பார்க்காதீர்கள். நேராக மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையைப் பாருங்கள். பிறகு அதற்குக் கீழே உள்ள அறையின் சீலிங். ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால் அங்கே ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள். அடுத்து, பாத்ரூமுக்கு அந்தப் பக்கம் உள்ள படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதி. தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பிப் பொரிந்திருந்தால் பெரும்பாலும் பாத்ரூம் தண்ணீர் கசிகிறது.

பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக மேலிருந்து கீழே ஒரு விரிசல் ஓடுகிறதா? காங்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. பூசும் முன் அந்த இணைப்பின் மேல் கோழிவலை அடித்திருந்தால் பெரும்பாலும் விரிசல் தவிர்ந்திருக்கும். செலவு அதிகமில்லாத வேலை. அதைக்கூட விட்டவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்னென்ன விட்டிருப்பார்?

இத்தோடு நிறுத்தாமல், இப்போது வேலை நடக்கும் சைட்டுக்குச் சொல்லாமல் போங்கள். பில்லரில் சாக்கு சுற்றி ஈரமாக இருக்கிறதா, தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். இங்கே பெரும்பாலும் வாங்குவது பி.பி.சி. சிமென்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயக் கூடாது, வெயில் காலத்தில் 14 நாள். கம்பிக்குக் கீழே கவர் பிளாக் இருக்கிறதா, இல்லை உடைந்த ஜல்லியைச் சொருகியிருக்கிறார்களா? கம்பியை மூடும் காங்கிரீட்டின் கனம், அதாவது கவர், தளத்துக்குக் குறைந்தது 20 மி.மீ., பில்லருக்கு 40 மி.மீ. வேண்டும். கடலோரத்தில் இன்னும் கூடுதலாக வேண்டும், அதை இன்ஜினியர் சொல்ல வேண்டும். இது குறைந்தால் உப்புக் காற்று பட்டுக் கம்பி துருப்பிடித்து, சில வருடங்களில் சீலிங் காரை பெயர்ந்து விழும். சரிசெய்யப் பெரும் செலவாகும். ஜல்லியைச் சொருகிய சைட்டைப் பார்த்துவிட்டு "எல்லோரும் அப்படித்தான் செய்றாங்க" என்று சமாதானம் ஆகிறவர்களைக் கண்டால் கோபம்தான் வருகிறது.

காட்டியவரே கட்டினார் என்று நம்புவது

பெரும்பாக்கத்தில் ஒரு குடும்பம் பார்த்த வீட்டில் குறையே இல்லை. ஆனால் அதைக் கட்டிய கொத்தனார்கள் முன்பே வேறு கான்ட்ராக்டரிடம் போய்விட்டார்கள். இவர்கள் வீட்டுக்கு வந்தது புது ஆட்கள். சுவர்களில் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்காததால் சுவர் சாய்ந்து, அதை மறைக்கப் பூச்சு ஓரிடத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போனது. கூடுதல் சிமென்ட், மணல் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். லேபர் கான்ட்ராக்ட் என்றால் அப்படித்தான்: மேஸ்திரியின் தவறுக்குச் சாமான் வாங்குவது நீங்கள்.

எனவே, "இந்தப் பூச்சைப் பூசின கொத்தனார் இப்போ எந்த சைட்டில் இருக்கார்? எங்க வீட்டுக்கு அவர்தான் வருவாரா?" என்று கேட்டு, அவரையே நேரில் பாருங்கள்.

"நல்லா கட்டுனாரா?" என்று கேட்பது

எல்லோரும் "நல்லாத்தான் கட்டுனார்" என்றே சொல்வார்கள். மேஸ்திரி பக்கத்தில் இல்லாதபோது இப்படிக் கேளுங்கள்: "பேசின தொகைக்கு மேல எந்தெந்த வேலைக்குத் தனியா காசு கேட்டார்?" "நடுவில் ஆள் வராம எத்தனை நாள் நின்னுச்சு?" "மழைக்கு ஒழுகினதும் கூப்பிட்டா வந்தாரா?" மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் முக்கியம்.

ரேட்டை வாய்ப்பேச்சில் முடிப்பது

எழுதி வாங்குங்கள். சென்ட்ரிங், சம்ப், கைப்பிடிச் சுவர், மாடி ஓடு ரேட்டில் சேருமா, சேராதா என்று தனித்தனியாக.

மொத்தமாக அட்வான்ஸ்

கூடாது.

நேராகக் கடைக்காலில் ஆரம்பிப்பது

சந்தேகம் இன்னும் இருந்தால் காம்பவுண்ட் சுவரை முதலில் தனியாகப் பேசிக் கட்டச் சொல்லுங்கள். செங்கல்லை நனைத்து வைக்கிறார்களா, கலவையைத் தண்ணீர் ஊற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்கிறார்களா, மறுநாள் காலை சுவரை நனைக்க யார் வருகிறார்கள் என்று கவனியுங்கள். பத்தடி நீளச் சுவர் எழுவதற்குள் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் அந்தக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பார்க்கலாம்.