ரேஷன் கார்டை இங்கிலீஷில் பெயர்க்கும்போது: கனடாவுக்குப் புதிதாகப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கு

காரைக்குடியில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். பெற்றோரை வரவழைக்க விண்ணப்பம் போடும் பிள்ளைகள் என்னிடம் அனுப்பும் காகிதங்களில் அதிகம் குழம்புவது குடும்ப அட்டைதான். அதில் ஒன்றை எடுத்துச் சொன்னால் மற்றதும் புரிந்துவிடும்.

பிராம்ப்டனில் இருக்கும் ஒரு தம்பி. சொந்த ஊர் கானாடுகாத்தான் பக்கம். அப்பாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, அந்தத் தலைமுறையில் பலருக்கும் இல்லை. உறவைக் காட்டத் துணை ஆவணமாக இருக்கட்டும் என்று பழைய புத்தக அட்டையைப் படம் எடுத்து, இங்கிலீஷையும் தானே எழுதி, "ஒருதடவை பாத்துக் குடுங்க ஆச்சி" என்று அனுப்பியிருந்தார். தலைவர் அவருடைய ஐயா, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா. அடுத்த வரியில் அப்பத்தா, மூன்றாவது வரியில் அப்பா, நான்காவதில் அம்மா, ஐந்தாவதில் இவர். உறவு என்ற பத்தியில் அப்பாவுக்கு நேரே 'ஃபாதர்', அம்மாவுக்கு நேரே 'மதர்', தனக்கு நேரே 'செல்ஃப்' என்று எழுதியிருந்தார்.

அட்டையில் அச்சாகியிருந்ததோ மனைவி, மகன், மருமகள், பேரன். உறவு எப்போதும் குடும்பத் தலைவரை வைத்துத்தான், விண்ணப்பிக்கிறவரை வைத்து அல்ல. 'மகன்' என்பதை 'சன்' என்றும், 'மருமகள்' என்பதை 'டாட்டர்-இன்-லா' என்றும், 'பேரன்' என்பதை 'கிராண்ட்சன்' என்றும்தான் எழுத வேண்டும். "ஆனா அவரு எங்க அப்பாதானே ஆச்சி?" என்றார். அப்பாதான், யார் இல்லை என்றது? அட்டை அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். தமிழ் தெரிந்த ஒருவர் அசலையும் பெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆவணத்தைத் திருத்தியதாகவே நினைப்பார்.

இன்னொரு சங்கடமும் இதில் உண்டு. தமிழில் மகன் பிள்ளையும் பேரன்தான், மகள் பிள்ளையும் பேரன்தான். அதனால் ஐயா தலைவராக இருக்கும் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்றாம் வரியில் இருப்பவருக்குத்தான் ஐந்தாம் வரியில் இருப்பவர் பிள்ளை என்று நிறுவ முடியாது. 'சன்ஸ் சன்' என்று நீங்களாக விரித்து எழுதவும் கூடாது. ஐயா காலமான பிறகு வந்த ஸ்மார்ட் கார்டில் அப்பாவே தலைவர். அந்த அட்டைக்குரிய பதிவில் தம்பி 'மகன்' என்றே இருந்தார். இரண்டையும் சேர்த்து வைத்தோம், வழக்கு முடிந்தது. பிளாஸ்டிக் அட்டையில் உறவு தெரியாவிட்டால் tnpds.gov.in தளத்தில் பதிவு செய்த கைபேசி எண்ணைக் கொண்டு நுழைந்து உறுப்பினர் விவரத்தைப் பாருங்கள். அந்த ஓடிபி ஊரில் அப்பாவின் போனுக்குத்தான் போகும், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அதே புத்தகத்தில் ஆறாவது வரி ஒன்று இருந்தது: மருமகன், வயது 14. தம்பி யோசிக்காமல் 'சன்-இன்-லா' என்று போட்டுவிட்டார். பதினாலு வயதில் மாப்பிள்ளையா? ஐயாவுக்குத் தங்கை மகன், படிப்புக்காக அந்த வீட்டில் இருந்த பையன். நம் பேச்சில் கூடப்பிறந்தவள் மகனும் மருமகன், மகளைக் கட்டியவரும் மருமகன். இங்கிலீஷில் முதலாமவர் 'நெப்யூ'. இப்படி இரண்டு பொருள் வரும் இடத்தில் தமிழ்ச் சொல்லை ஒலிபெயர்த்து எழுதி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தனியாகக் காட்டி, இரண்டு பொருளையும் சொல்லிவிடுவேன். யார் என்பதை உறுதிமொழிக் கடிதத்தில் குடும்பத்தார் சொல்லட்டும்.

கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டில் அழைக்கும் பெயரை அதில் எழுதாதீர்கள். நகரத்தார் வீட்டில் அப்பச்சி என்றால் அப்பா. கொங்குப் பக்கம் அதுவே அம்மாவைப் பெற்ற தாத்தா. ஒரு பெண் 'என் அப்பச்சி' என்று எழுதிக் கொடுத்ததை வேறு ஊர்க்காரர் ஒருவர் 'கிராண்ட்ஃபாதர்' ஆக்கிவிட்டார். தந்தை, தாய் என்றே எழுதுங்கள்.

செட்டிநாட்டு அட்டைக்கென்றே வரும் கேள்வி கதவு எண். கல்யாணமானதும் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பது' நம் வழக்கம். வீடு ஒன்று, அடுப்பு தனி. தமிழ்நாட்டில் அட்டை தனிச் சமையலைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. ஆகவே ஒரே கதவு எண்ணில் மூன்று, நான்கு அட்டை இருப்பது இங்கே சாதாரணம். பெரியப்பா பெயர் உங்கள் அட்டையில் இல்லை என்பதற்காக அவர் வேறு வீட்டில் இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள். பெயருக்கு முன்னால் வரும் விலாச எழுத்துகளையும் கவனியுங்கள். 'பழ.' என்பது பாஸ்போர்ட்டில் PL என்று இருந்தால் பெயர்ப்பிலும் அப்படியே இருக்கட்டும்.

பொருள் உரிமை வரிக்கு வருவோம். ஸ்மார்ட் கார்டில் ஒரு குறியீடு இருக்கும். PHH என்றால் முன்னுரிமைக் குடும்பம், NPHH என்றால் முன்னுரிமையற்ற குடும்பம். PHH-ஐப் பலரும் 'வறுமைக் கோட்டுக்குக் கீழ்' என்று பெயர்த்துவிடுகிறார்கள். அந்தச் சொல் அட்டையில் இல்லை, எழுதக் கூடாது. 'பிரயாரிட்டி ஹவுஸ்ஹோல்ட்' போதும். PHH-AAY என்பது அந்தியோதயா அட்டை, அதற்கு மாதம் 35 கிலோ அரிசி. அது வீட்டுக்கு உள்ள உரிமை, வாங்கியதற்கு ரசீது அல்ல. 'என்டைட்டில்டு' என்று எழுதுங்கள், 'ரிசீவ்டு' என்று எழுதாதீர்கள். NPHH-S சர்க்கரை அட்டை. NPHH-NC எந்தப் பொருளும் வாங்காத அட்டை. இதை ஒருவர் 'செல்லாத அட்டை' என்று பெயர்த்திருந்தார். அட்டை செல்லும், கடையில் பொருள்தான் கிடையாது.

பழைய புத்தகத்தில் கேஸ் சிலிண்டர் பற்றியும், மண்ணெண்ணெய் இல்லை என்றும் ரப்பர் முத்திரை குத்தியிருப்பார்கள். தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். இங்கிலீஷிலோ பிரெஞ்சிலோ இல்லாத முத்திரையும் பெயர்க்கப்பட வேண்டும் என்பது கனடா குடிவரவுத் துறையின் விதி. வயதை இன்றைய கணக்குக்கு மாற்றவும் வேண்டாம். புத்தகத்தில் 41 என்றால் 41தான்.

படம் எடுப்பதில் ஒரே ஒரு விஷயம். முற்றத்து வெயிலில் அட்டையை வைத்தால் லேமினேஷன் பளபளத்துப் பாதி எழுத்து போய்விடும். வளவில் தூணோரம், வெயில் நேரே விழாத வெளிச்சத்தில் வைத்து, நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி 'ள', 'ன' எல்லாம் ஒன்றுபோல் தெரியும், டாக்குமெண்ட் என்று தேர்ந்து அனுப்பச் சொல்லுங்கள். க்யூஆர் தெரியும் படத்தைக் குடும்பக் குரூப்பில் போட வேண்டாம்.

கடைசியாக, தம்பி எழுதியது முழுக்கச் சரியாகவே இருந்திருந்தாலும் அதை வைத்திருக்க முடியாது. விண்ணப்பிக்கிறவரோ அவர் வீட்டாரோ செய்த பெயர்ப்பைக் கனடாவில் ஏற்பதில்லை, உங்களுக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரிந்தாலும். சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வேறொருவர் செய்தால், அவர் நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரமும், அசலின் சான்றிட்ட நகலும் கூடவே போக வேண்டும். தம்பிக்காக நான் இங்கே நோட்டரியிடம் போய்க் கையெழுத்திட்டு, ஆறு வரியையும் இரண்டு முத்திரையையும் புதிதாக அடித்து அனுப்பினேன்.