தொலைந்த தரவை லாகிலிருந்து மீட்டபின் இதழாசிரியருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

பெங்களூர் சில்க் போர்டு அருகே ஒரு மாடியில் காற்றுமாசு கருவி வைத்திருந்தோம். கட்டுரை வெளிவந்த பிறகு, மணிவாரி சராசரிகள் இருந்த ஹார்டு டிஸ்க் செயலிழந்தது. கருவிக்குள் நிமிடத்துக்கு ஒரு வரியாக எழுதப்பட்ட லாக் மட்டும் மிச்சம். அதிலிருந்து மீட்ட வழி இது.

முதலில் லாகை நகலெடுத்து, மூலத்துக்கு `sha256sum` போட்டுக் குறித்துவையுங்கள். எக்செலில் திறக்க வேண்டாம். தேதியையும் மாதத்தையும் அது இடம் மாற்றிவிடக்கூடும். நான் பைத்தானின் பாண்டாஸைத்தான் சொல்வேன்.

அடுத்து கடிகாரம். கருவியின் கடிகாரம் நாளுக்கு 2 நொடி பிசகினால் ஆறு மாதத்தில் 6 நிமிடம் தள்ளிப்போகும். ஒவ்வொரு முறை தரவிறக்கும்போதும் லேப்டாப் நேரமும் கருவி நேரமும் பதிவாகியிருந்தால், இரண்டு பதிவுகளுக்கு இடையே பிசகைச் சீராகப் பகிர்ந்து திருத்தலாம்.

என்னை அதிகம் நிறுத்திய இடம் அரைமணி. எங்கள் கருவி யுடிசி நேரத்தில் எழுதுகிறது. கட்டுரையில் இருந்தது இந்திய நேரம். வித்தியாசம் ஐந்தரை மணி. லாகிலேயே கருவி போட்ட மணிவாரி சராசரியும் இருந்தது, எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் யுடிசி 2 முதல் 3 வரை என்பது நமக்குக் காலை 7.30 முதல் 8.30. கட்டுரையின் 8 முதல் 9 மணிச் சராசரியை அதிலிருந்து எடுக்கவே முடியாது. நிமிட வரிகளை முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றி, பிறகுதான் சராசரி எடுக்க வேண்டும்:

```
df.index = df.index.tz_localize("UTC").tz_convert("Asia/Kolkata")
r = df["pm25"].resample("1h")
h = r.mean()[r.count() >= 45]
```

45 நிமிடத்துக்குக் குறைவான தரவுள்ள மணிகள் விடப்படுகின்றன. கட்டுரையில் நீங்கள் வைத்த வரம்பையே இங்கும் வையுங்கள். சரியா என்று பார்க்க, அச்சான அட்டவணையின் மாதச் சராசரி மட்டும் போதாது. நேரம் அரைமணி தள்ளியிருந்தாலும் அது கிட்டத்தட்ட ஒத்துப்போகும். காலை நெரிசல் உச்சம் எந்த மணியில் விழுகிறது என்று கட்டுரையின் படத்தோடு ஒப்பிடுங்கள்.

இப்போது கடிதம். ஆங்கிலத்தில்தான் போகும், சாரம் இது: "கட்டுரையில் பயன்படுத்திய மணிவாரிக் கோப்பு எங்களிடம் இல்லை. இணைத்திருப்பது கருவி லாகிலிருந்து மீட்டுருவாக்கியது. மூலக் கோப்பு அல்ல. லாகும் நிரலும் இணைப்பில் உள்ளன. ஒத்துப்போகாத மணிகளைத் தனிப் பட்டியலாகத் தந்துள்ளோம். முடிவுகள் மாறவில்லை. தரவு கிடைக்கும் விவரத்துக்குத் திருத்தக் குறிப்பு வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்." முடிவு மாறியிருந்தால் அந்த வரியை மழுப்பாமல், எந்த எண் எவ்வளவு மாறியது என்று எழுதுங்கள். உடன் எழுதிய எல்லோரின் ஒப்புதலும் முன்பே வேண்டும்.

பிற்சேர்க்கை: சராசரி எல்லாம் குறைவாக வருகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கருவி வடிகட்டிய காற்றை வைத்துத் தானாகச் செய்யும் ஜீரோ சோதனையின் நிமிடங்களும் லாகில் சாதாரண வரிகளாக நிற்கும். நிலைக் குறியீட்டு நெடுவரிசையைப் பார்த்து அவற்றை நீக்கிவிட்டு, மேலே உள்ள நிரலை ஓட்டுங்கள்.