நகைக்கடை கேஸ் ஸ்டடி: ஸ்வாட்டும் ஃபைவ் ஃபோர்சஸும் சேரும் இடத்தில் மார்க் போகும் விதம்

எம்.பி.ஏ. தேர்வில் அடிக்கடி வரும் வகையான கேஸ் இது. பயிற்சிக்காக ஒன்றை எடுத்துக்கொள்வோம். கும்பகோணம் மாதிரி ஓர் ஊர். அப்பா ஆரம்பித்த நகைக்கடையை அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். கட்டடம் சொந்தம். இரண்டு வருடத்துக்கு முன் அதே தெருவில் ஒரு பெரிய நிறுவனம் கிளை திறந்தது. அப்போது 3.2 கோடியாக இருந்த ஆண்டு விற்பனை இப்போது 3 கோடி. கடையில் கிடக்கும் சரக்கு 4 கோடி. வங்கிக் கடன் 1.5 கோடி, வட்டி 12 சதவீதம். கடை நஷ்டத்தில் ஓடுகிறது. பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று பிரித்துப் பார்க்கும் ஸ்வாட்டையும், போட்டி, புதியவர் நுழைவு, மாற்றுப்பொருள், சப்ளையர், வாங்குபவர் என்ற போர்ட்டரின் ஐந்து விசைகளையும் வைத்து ஆராய்ந்து பரிந்துரை கொடு என்பது கேள்வி.

பெரும்பாலான விடைத்தாள்களில் நான்கு கட்டம் போட்ட ஸ்வாட் ஒரு பக்கம், ஐந்து அம்பு போட்ட படம் மறுபக்கம், கடைசியில் ‘இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்யலாம்’. இந்த மூன்றுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையே இருக்காது. தவறு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், ஸ்வாட்டுக்கும் முன்னால், கேஸைப் படிக்கும் இடத்திலேயே தொடங்குகிறது.

ரூபாயைப் பார்த்துவிட்டு எடையைப் பார்க்காமல் விடுவது

3.2 கோடியிலிருந்து 3 கோடி என்றதும், ‘விற்பனை சற்றே குறைந்துள்ளது’ என்று எழுதிவிடுகிறார்கள். நகைத் தொழிலில் ரூபாய்க் கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கேஸின் பின்னிணைப்பில் 22 காரட் சராசரி விலை அன்று கிராம் 5,000, இன்று 7,000 என்று கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். செய்கூலியை ஒதுக்கிவிட்டு வகுத்தால், அன்று விற்றது 6,400 கிராம், அதாவது 800 பவுன். இன்று விற்பது ஏறத்தாழ 535 பவுன். மூன்றில் ஒரு பங்கு வியாபாரம் போய்விட்டது. விலையேற்றம் அதை மூடி மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வகுத்தலைச் செய்யாதவர் ‘விற்பனை நிலையாக உள்ளது’ என்பதைப் பலத்தில் எழுதுவார். செய்தவர், வாடிக்கையாளர் எங்கே போனார் என்ற கேள்வியோடு ஐந்து விசைகளுக்குள் நுழைவார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் எழுதுவது வேறு வேறு விடை.

ஐந்து விசைகளைக் கடையின் மேல் போடுவது

மைக்கேல் போர்ட்டர் 1979-இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சட்டகத்தைக் கொண்டுவந்தது தொழிலை அளக்க. ஒரு கடையை அளக்க அல்ல. அந்த ஊரில் நகை விற்கும் எல்லோருக்கும் பொதுவாக லாபம் எந்தப் பக்கம் கசிகிறது என்பதுதான் அதன் கேள்வி. ‘தம்பிக்கு மார்க்கெட்டிங் தெரியாது, எனவே போட்டி விசை அதிகம்’ என்று எழுதினால் இரண்டு கருவிகளும் குழம்பிவிட்டன என்று பொருள். தம்பியின் திறமை ஸ்வாட்டின் உள்பக்கத்துக்குரிய சங்கதி. தம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெருவில் போட்டி இருக்கும்.

இதன் மறுபக்கம்தான் முக்கியம். அதே ஐந்து விசைகள் புதிதாக வந்த கிளையையும் அழுத்துகின்றன; அது ஓடுகிறது, இந்தக் கடை திணறுகிறது. ஆகவே தொழில் மோசம் என்று மட்டும் சொல்லி முடித்தால் கேள்வியில் பாதிக்குப் பதில் இல்லை. ஒரே அழுத்தத்தில் ஒருவர் நிற்கவும் ஒருவர் சரியவும் காரணம் என்ன என்பதை ஸ்வாட் சொல்ல வேண்டும்.

விசைகளை வகைப்படுத்துவதிலும் சில சறுக்கல்கள் உண்டு. பெரிய நிறுவனத்தின் கிளையை மாற்றுப்பொருள் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது போட்டியாளர். கவரிங் நகையும், சேமிப்புக்காகத் தங்கம் வாங்குபவருக்குப் பங்குச் சந்தையில் யூனிட்டாகக் கிடைக்கும் தங்க ஈ.டி.எஃப்.பும்தான் மாற்று. புதியவர் நுழைவுக்கு ‘முதலீடு அதிகம், எனவே அச்சுறுத்தல் குறைவு’ என்ற ஒற்றை வரியும் போதாது. தனி மனிதர் ஒருவர் புதுக்கடை போடக் கடினம்தான். ஏற்கெனவே பல ஊரில் கடை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இன்னொரு கிளை பெரிய விஷயமில்லை. யாருக்குத் தடை என்று சொல்லாமல் தடையை அளக்க முடியாது.

அதிகம் பேர் விழும் குழி சப்ளையர் விசை. ‘தங்கத்தின் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது, கடைக்காரரால் பேரம் பேச முடியாது, எனவே சப்ளையர் பலம் மிக அதிகம்.’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பேரம் பேச முடியாதது கடைக்காரர் மட்டுமல்ல. கட்டித் தங்கம் விற்பவரும் அன்றைய ரேட்டை மீறிக் கேட்க முடியாது. ஒருவர் கூட்டிக் கேட்டால் அடுத்தவரிடம் அதே தங்கம் கிடைக்கும். வாடிக்கையாளரும் அன்றைய ரேட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். உலோக விலை அப்படியே அவரிடம் போய்விடுகிறது. கடைக்கு மிஞ்சுவது செய்கூலியும் சேதாரமும்தான். அந்தப் பகுதியில் கை வைக்கக்கூடியவர் யார் என்று தேடினால்தான் உண்மையான சப்ளையர் பலம் தெரியும்: நல்ல வேலைக்காரரான ஆசாரி, கடனுக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரி, வங்கி.

பலம் என்று எழுதியதை விசைகள் வந்து கரைப்பது

எல்லா விடைத்தாளிலும் முதல் பலம் ‘தலைமுறை தலைமுறையாக உள்ள நம்பிக்கை’. அது ஒரு காலத்தில் எதைப் பற்றிய நம்பிக்கை என்று கேளுங்கள். பெரும்பகுதி, தங்கத்தின் தரம். சொன்ன 916 உண்மையிலேயே 916-தானா என்று வாங்குபவரால் சோதிக்க முடியாத நாளில், தெரிந்த கடைக்காரரின் முகம்தான் முத்திரை.

2021 ஜூன் முதல் ஹால்மார்க் கட்டாயம் என்பது மாவட்டங்கள் வாரியாக நடைமுறைக்கு வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை என்று விற்க, ஒவ்வொரு நகைக்கும் தனியான ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் நகையின் விவரம் வந்துவிடும். இதனால் எதிரெதிர்க் கடைகளின் தங்கம் தரத்தில் ஒன்று என்றாகிவிட்டது. இனி வாங்குபவர் ஒப்பிடுவது சேதாரச் சதவீதத்தை. ‘அங்கே ஒன்பது சொல்றாங்க, நீங்க பதினொண்ணு போடுறீங்களே அண்ணாச்சி?’ என்ற கேள்விக்கு அப்பாவின் படத்தைக் காட்ட முடியாது.

வாங்குபவர் விசை உயர்ந்ததும் ஸ்வாட்டில் எழுதிய பலம் இளைத்ததும் ஒரே நிகழ்ச்சி. இரண்டு கருவிகளும் கைகோக்கும் இடம் இதுதான். மார்க்கும் இங்கேதான் இருக்கிறது. ‘நம்பிக்கை’ என்ற சொல்லை அடித்துவிட வேண்டியதில்லை, மாற்றி எழுத வேண்டும். பழைய நகையை மாற்றும்போது கல் எடையை நியாயமாகக் கழிப்பது, அறுந்த சங்கிலியைப் பற்றவைத்துக் கொடுப்பது, தாலிக்கு அந்தந்தக் குடும்ப வழக்கப்படி உருப்படி செய்வது: இவை எச்.யு.ஐ.டி. எண்ணுக்குள் அடங்காதவை. கேஸில் இவற்றுக்கு ஆதாரம் இருந்தால் பலம் என்று எழுதலாம். ஆதாரம் இல்லையென்றால் எழுதக்கூடாது. ‘குடும்ப ஒற்றுமை’யும் அப்படியே. மூன்று பேரும் வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுக்கிறார்கள், யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று கணக்கு இல்லை என்று கேஸே சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்; அப்போதும் ஒற்றுமையைப் பலத்தில் எழுதுபவர் கேஸைப் படிக்கவில்லை.

வாய்ப்பு என்ற கட்டத்தில் வரும் தவறை விரைவாகச் சொல்லிவிடலாம். ‘ஆன்லைன் விற்பனை தொடங்கலாம்’ என்பது வாய்ப்பு அல்ல, செயல். வாய்ப்பு என்பது கடை இல்லாமல் போனாலும் வெளியே இருப்பது: விலையேற்றத்தால் பழைய நகையைக் கொடுத்துப் புதிது எடுப்பவர் கூடுவது போல.

பரிந்துரை எங்கிருந்து வர வேண்டும்

கேஸின் எண்களை அடுக்குவோம். 3 கோடி விற்பனையில் செய்கூலி, சேதாரம் வழியாகக் கடைக்கு நிற்பது 9 சதவீதம் என்றால் 27 லட்சம். வட்டி 18 லட்சம். சம்பளம், மின்சாரம் முதலான செலவு 14 லட்சம். நஷ்டம் 5 லட்சம். இந்தக் கணக்கில் பெரிய உருப்படி வட்டி. அந்த வட்டி எதற்கு? 4 கோடிச் சரக்கைத் தாங்குவதற்கு. விற்ற சரக்கின் அடக்கம் 2.73 கோடி, அதைச் சரக்கோடு ஒப்பிட்டால், இருக்கும் சரக்கு விற்றுத் தீர ஏறத்தாழ ஒன்றரை வருடம் ஆகும். எடையில் விற்பனை குறைந்தபின்னும் ஷோகேஸ் குறையவில்லை.

இங்கே ஒரு மாணவர், ‘விலை ஏறியதால் சரக்கின் மதிப்பு உயர்ந்துள்ளது, இது லாபம்’ என்பார். விற்ற பவுனுக்குப் பதில் புதுப் பவுன் இன்றைய ரேட்டில் வாங்க வேண்டும்; சரக்கு அளவைக் குறைக்காதவரை அந்த ஏற்றம் கைக்கு வராது. இறக்கமும் உண்டு. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரி 15-லிருந்து 6 சதவீதமானபோது, அதிகச் சரக்கு வைத்திருந்தவருக்குத்தான் அடி பெரிது. வெளியிலிருந்து வந்த அச்சுறுத்தல் ஒன்று, உள்ளே இருக்கும் பலவீனத்தின் அளவுக்கு வலிக்கிறது என்று எழுத இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆகவே முதல் பரிந்துரை விளம்பரமாக இருக்க முடியாது. மூன்று வருடமாக நகராத டிசைன்களில் 1 கோடி உலோக மதிப்புள்ளதை உருக்கி விற்றுக் கடனை அடைத்தால் வட்டியில் 12 லட்சம் மிச்சம். 5 லட்சம் நஷ்டம் 7 லட்சம் லாபமாகும். விற்பனை ஒரு பவுன்கூடக் கூடத் தேவையில்லை. செலவையும் மறைக்காமல் எழுதுங்கள்: அந்த நகைகளுக்கு ஆசாரிக்குக் கொடுத்த கூலி திரும்ப வராது, உருக்கும்போது கொஞ்சம் எடை போகும், சரக்கு பழைய விலையில் கணக்கில் இருந்தால் வருமான வரியும் வரும்.

இது இழந்த 265 பவுனைத் திருப்பிக் கொண்டுவராது, மூச்சுவிட நேரம் தரும். அந்த நேரத்தில் பழுது, மாற்று, தாலி வேலை ஆகியவற்றை நம்பி வாடிக்கையாளரை மீட்கலாம் என்பது இரண்டாவது பரிந்துரை. சேதாரத்தைக் கிளையோடு போட்டி போட்டுக் குறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இப்போதைய விற்பனையில் இரண்டு சதவீதம் குறைத்தால் 6 லட்சம் போகும். உருக்கியதில் வந்த லாபம் ஏறக்குறைய முழுதும் அதிலேயே கரையும். இவற்றுக்கெல்லாம் முன்னால் மூன்று பேருக்கும் மாதச் சம்பளம் என்று ஒரு தொகையை நிர்ணயித்துக் கல்லாவைப் பூட்ட வேண்டும். 14 லட்சம் செலவு என்று கேஸ் சொல்வதில் அந்த எடுப்பு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேரவில்லையென்றால் உண்மையான நஷ்டம் 5 லட்சத்தைவிட அதிகம். உருக்க வேண்டிய தங்கமும் 1 கோடியோடு நிற்காது.