பென்சிலில் கம்பி சுற்றும்போது கூடிவிடும் அந்த ஒரு சுற்று

மெல்லிய கம்பியின் தடிமனை ஸ்கேலில் நேராக அளக்க முடியாது. ஸ்கேலில் இருக்கும் மிகச் சிறிய பிரிவே 1 மி.மீ. கம்பியோ அதைவிட ஒல்லி. அதனால் பென்சிலில் நெருக்கமாகப் பல சுற்றுகள் சுற்றி, சுருளின் நீளத்தை அளந்து, சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். கணக்கு ஒரே ஒரு வகுத்தல்தான். அதனாலேயே விடை தவறினால் பலரும் ஸ்கேலைச் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் தவறு எண்ணுவதில் இருக்கிறது.

எப்படி என்று ஒரே ஒரு சுற்றில் பார்க்கலாம். கம்பியின் நுனியைப் பென்சிலின் மேல்பக்கம் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளுங்கள். கம்பியைக் கீழே கொண்டுபோய், சுற்றி, மறுபடி மேலே கொண்டு வாருங்கள். கை ஒரு சுற்று சுற்றியிருக்கிறது. இப்போது மேல்பக்கத்தைப் பாருங்கள்: தொடங்கிய இடத்தில் ஒரு கம்பி, திரும்பி வந்த இடத்தில் ஒரு கம்பி, ஆக இரண்டு. பென்சிலைப் புரட்டினால் அடிப்பக்கத்தில் ஒன்றுதான். கை 10 சுற்று சுற்றினால் மேல்பக்கம் 11 கம்பி கிடக்கும், அடிப்பக்கம் 10. சுற்றும்போதே வாயால் எண்ணிவிட்டு, பிறகு மேல்பக்கத்தில் ஸ்கேல் வைத்தால், 11 கம்பிகளின் அகலத்தை 10 ஆல் வகுக்கிறோம்.

இது எவ்வளவு கெடுக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பியின் தடிமனை எண்ணால் குறிக்கும் எஸ்.டபிள்யூ.ஜி. முறையில் 22 என்ற அளவுள்ள வெறும் செம்புக் கம்பியின் விட்டம் 0.711 மி.மீ. அதை 10 சுற்று சுற்றினால் மேல்பக்கத்தில் 11 கம்பிகள், நீளம் 7.8 மி.மீ. ஸ்கேலில் 8 என்று படிப்போம். 10 ஆல் வகுத்தால் 0.8 மி.மீ. உண்மையான அளவைவிட 12 விழுக்காட்டுக்கு மேல் அதிகம். அதே கம்பியை 40 சுற்று சுற்றி, அதே தவறைச் செய்தால் 41 கம்பிகள், 29 மி.மீ., விடை 0.725. தவறு இன்னும் இருக்கிறது, ஆனால் 2 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. சுற்றுகள் குறைவாக இருக்கும்போது விடை பெரிதாகவும், கூடக்கூடச் சிறிதாகவும் வந்துகொண்டே இருந்தால், எண்ணிக்கையில் ஒன்று விட்டுப்போகிறது என்று தாராளமாகச் சந்தேகப்படலாம்.

தவிர்க்கும் வழி எளிது. சுற்றும்போது எண்ணவே வேண்டாம். பென்சிலின் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, சுற்றி முடித்த பிறகு அந்தப் பக்கத்தில் நீளவாக்கில் எத்தனை கம்பிகள் குறுக்கே கிடக்கின்றன என்று எண்ணுங்கள். அதே பக்கத்தில், முதல் கம்பியின் வெளி விளிம்பிலிருந்து கடைசிக் கம்பியின் வெளி விளிம்புவரை அளந்துகொள்ளுங்கள். எண்ணுவதும் அளப்பதும் ஒரே கோட்டில் நடந்தால் பிசகு வராது. ஆறு முகமுள்ள பென்சில் இதற்கு மிகவும் வசதி, ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். கம்பி மிகவும் மெல்லியதாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணலாம், கண் தடுமாறாது.

ஏற்கெனவே கையால் எண்ணிய இரண்டு அளவுகள் இருந்தாலும் காப்பாற்றிக்கொள்ளலாம். மேலே சொன்ன கணக்கில் 40 சுற்றுக்கு 29, 10 சுற்றுக்கு 8. கழித்தால் 30 சுற்றுக்கு 21 மி.மீ., அதாவது 0.70. இரண்டிலும் ஒட்டியிருந்த அந்த உபரிக் கம்பி கழித்தலில் போய்விட்டது.

சரி, அப்படியானால் சுற்றுகளை அதிகமாக்கிக்கொண்டே போனால் எல்லாத் தவறும் கரைந்துவிடுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்கேலைப் படிப்பதில் வரும் அரை மில்லிமீட்டர் தவறு ஒரு சுருளுக்கு ஒரு முறைதான் வருகிறது. அதை 40 ஆல் வகுக்கும்போது சுருங்கிவிடும். சுற்றுகளுக்கு நடுவே விழும் இடைவெளி அப்படியல்ல, அது சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு இடைவெளியும் 0.05 மி.மீ. என்று வையுங்கள், சாதாரணத் தாளின் தடிமனில் ஏறக்குறையப் பாதி. மேல்பக்கம் 10 கம்பி இருந்தாலும் 40 கம்பி இருந்தாலும் விடை 0.76 பக்கம்தான் வரும். இரண்டும் ஒத்துப்போவதால் அளவு சரியென்று நம்பிவிடுவோம்.

இடைவெளியைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். கம்பியின் நிறத்தோடு நன்றாக மாறுபடும் நிறத்தில் பென்சில் எடுங்கள். செம்புக் கம்பிக்கு வெள்ளையோ கறுப்போ இருக்கட்டும், சிவப்பு வேண்டாம். சுற்றுகளுக்கு நடுவே பென்சிலின் நிறம் இழையாகத் தெரிந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. இரு முனைகளிலிருந்தும் கட்டைவிரல் நகங்களால் சுருளை மெதுவாக நெருக்குங்கள். வேகமாகத் தள்ளினால் ஒரு சுற்று அடுத்ததன் மேல் ஏறிக்கொள்ளும், அப்போது விடை குறைந்துவிடும். ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாலே புடைப்பு தட்டுப்படும்.

இரும்புக் கம்பி போன்ற விறைப்பான கம்பிகளுக்கு இன்னொரு குணம் உண்டு. முனையை விட்டதும் சுருள் தளர்ந்து பிரியும். அதனால் சுற்றி மேசையில் வைத்துவிட்டு ஸ்கேலைத் தேடப் போகாதீர்கள். இரு முனைகளையும் ஒட்டுநாடாவால் பென்சிலோடு ஒட்டிவிட்டு, மறுபடி நெருக்கி, பிறகு அளந்துகொள்ளுங்கள்.

ஸ்கேலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூஜ்ஜிய முனை தேய்ந்திருக்கலாம், 1 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்குங்கள். அந்த 1 செ.மீ.யைக் கழிக்க மறக்காதீர்கள். ஸ்கேலின் விளிம்பு சுருளைத் தொட்டபடி இருக்கட்டும், கண் கோட்டுக்கு நேர்மேலே இருக்கட்டும்.

வீணாகக் கவலைப்பட வைக்கும் விஷயங்களும் சில இருக்கின்றன. பென்சிலின் தடிமனைக் கழிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம், நாம் அளப்பது பென்சிலின் நீளவாக்கில். கம்பி லேசாகச் சாய்ந்து போகிறதே என்றும் கேட்பார்கள். 7 மி.மீ. பென்சிலில் 0.7 மி.மீ. கம்பியின் சாய்வு 2 பாகைகூட இல்லை. அதனால் வரும் தவறு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

கடைசியாக, மோட்டார் சுற்றும் கம்பியை வைத்து இதைச் செய்பவர்களுக்கு ஒன்று. அதன் மேல் எனாமல் பூச்சு இருக்கிறது. சுருள் காட்டுவது பூச்சோடு சேர்ந்த தடிமனை. 0.5 மி.மீ. செம்பின் மேல் பூச்சு விட்டத்தில் 0.05 மி.மீ. வரை கூட்டலாம். பூச்சோடு சேர்ந்த தடிமனை மட்டும் கேட்டால் இது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த விட்டத்தை வைத்து மின்தடை கணக்கிடப் போனால், விட்டத்தில் இருந்த 10 விழுக்காடு குறுக்குப் பரப்பில் 21 விழுக்காடாக வளர்ந்துவிடும். செம்பின் தடிமன்தான் தேவை என்றால் சுற்றுவதற்கு முன்பே பூச்சை நீக்க வேண்டும். 20 சுற்றுக்குச் சுமார் அரை மீட்டர் கம்பி போதும். மிக நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, செம்பு பளிச்சென்று தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தேய்த்தால் செம்பே குறைய ஆரம்பிக்கும்.