முதல் விசாரிப்பிலிருந்து மறுவேலை வரை: சிறு ஆலோசகருக்கு ஐந்தே கட்டங்கள்

தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட் மாதிரி ஊரில், ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் படியேறி வரமாட்டார்கள். கோயில் திருவிழாவில் ஒருவர் விசாரிப்பார், கல்யாண வீட்டில் இன்னொருவர். அப்புறம் ஒரு நாள் இரவு புலனத்தில் குரல்பதிவு வரும்: "அண்ணே, மெஸ்தி எடுக்கணும், எவ்வளவு ஆகும்?"

முறுக்கு, மசாலாத் தூள், ஊறுகாய் என்று சிறிய அளவில் தயாரிப்பவர்களுக்கு, உணவுப் பாதுகாப்புக்காகச் சுகாதார அமைச்சு கொடுக்கும் மெஸ்தி சான்றிதழுக்கு வேண்டிய ஆவணங்களைத் தயார்செய்து கொடுப்பது என் வேலை. விசாரிப்பவர்கள் பத்துப் பேரைத் தாண்டினாலே யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பது தலைக்குள் நிற்காது. அதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை, ஒரு கூகள் ஷீட் போதும்.

முதலில் தாளைத் திறங்கள்

ஆறு பத்திகள் போடுங்கள்: A பெயர், B கட்டம், C அடுத்த செயல், D அடுத்த தேதி, E தொகை, F சான்றிதழ் தேதி. ஒரு வேலைக்கு ஒரு வரி. தொலைபேசி எண், முகவரியெல்லாம் கைப்பேசியிலேயே இருக்கட்டும்.

தேதி போடுவதற்கு முன் தாளின் அமைப்புகளில் இடத்தை, பிரிட்டன் மாதிரி நாள் முதலில் வரும் ஒரு நாட்டுக்கு மாற்றிவிடுங்கள். அமெரிக்க அமைப்பில் இருந்தால் 5/3 என்று நீங்கள் அடிப்பது மே 3 ஆகிவிடும். அடித்த தேதி தன் பெட்டியின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் தாள் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டது என்று அர்த்தம், மறுபடி அடியுங்கள்.

கட்டங்களுக்குப் பெயர் வையுங்கள்

பேச்சு, பார்வை, விலை, வேலை, மறுவேலை. இவற்றுக்கு வெளியே "நின்றது" என்று ஒன்று. இதற்கு மேல் வேண்டாம்.

பெயரைவிட முக்கியம், ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு எப்போது நகர்த்துவது என்பது. ஆர்வமாகப் பேசினார் என்று நமக்குத் தோன்றுவது கணக்கில்லை. வாடிக்கையாளர் ஏதாவது ஒன்றைச் செய்திருக்க வேண்டும், அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நான் வைத்திருக்கும் விதி இது:

பேச்சிலிருந்து பார்வைக்கு: என்ன தயாரிக்கிறார், எங்கே தயாரிக்கிறார், ஏன் இப்போது சான்றிதழ் கேட்கிறார் என்ற மூன்றுக்கும் பதில் சொல்லி, நேரில் வர நாள் கொடுத்தால்.

பார்வையிலிருந்து விலைக்கு: இடத்தைப் பார்த்து, உத்தேசத் தொகையை நேரிலேயே சொல்லி, பணம் கொடுக்க முடிவு செய்பவர் "எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால்.

விலையிலிருந்து வேலைக்கு: முன்பணம் கணக்கில் ஏறினால். "சரி தம்பி, செஞ்சிடலாம்" என்பது முன்பணம் ஆகாது.

வேலையிலிருந்து மறுவேலைக்கு: சான்றிதழ் கைக்கு வந்து, மீதிப் பணமும் வந்தால்.

ஒருவரை வைத்துப் பார்ப்போம்

முறுக்கும் ஓமப்பொடியும் செய்யும் ஓர் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு சமையற்கட்டு, உதவிக்கு இரண்டு பெண்கள். ஈப்போவில் ஒரு பேரங்காடி சரக்கு எடுக்கத் தயார், ஆனால் சான்றிதழ் கேட்கிறது. இந்த "ஏன் இப்போது" என்ற பதில்தான் தங்கம். வெளியிலிருந்து ஒருவர் கேட்கிறார் என்றால் வேலை நகரும். "சும்மா தெரிஞ்சுக்கலாம்னு" என்றால் அவர் பேச்சிலேயே இருக்கட்டும், கோபப்பட ஒன்றுமில்லை.

நேரில் போகிறேன். சன்னலுக்கு வலை இருக்கிறது. எந்த நாள் எந்த மாவில் எத்தனை பொட்டலம் போட்டார்கள் என்ற பதிவு இல்லை. உதவியாளர்களில் ஒருவர் டைபாய்டு ஊசி போடவில்லை, உணவு கையாள்வோருக்கான பயிற்சிக்கும் போகவில்லை. 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் இரண்டையும் கேட்கின்றன. இதையெல்லாம் சொல்லிவிட்டு, கிளம்பும் முன் கேட்கிறேன்: "அக்கா, என் கூலி 2,400 வெள்ளி கிட்ட வரும். பாதி முன்பணம். யார்கிட்ட பேசணும், உங்ககிட்டயா, அண்ணன்கிட்டயா?"

இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் தொகையைக் கேட்டு முகம் சுருங்குவதை நேரில் பார்த்துவிட்டால், வேலையைக் குறைத்துப் பேச அங்கேயே வழியிருக்கிறது. ஆவணங்களை மட்டும் நான் எழுதுகிறேன், பதிவேட்டை நீங்களே நிரப்புங்கள் என்று 1,500க்கு இறங்கலாம். பிடிஎஃப் அனுப்பியபின் வரும் மௌனத்தோடு என்ன பேசுவது?

விலைக்குறிப்பு ஒரே பக்கம். என்ன செய்வேன், எவை என் கூலியில் அடங்காது (ஊசி, பயிற்சிக் கட்டணம், கொத்தனார் வேலை), எத்தனை தவணை, இந்த விலை எந்தத் தேதி வரை. கடைசித் தேதிக்கு முந்தைய வாரத்தை D பத்தியில் போட்டுவிடுகிறேன். அன்று விசாரிக்க ஒரு காரணம் தானாகவே கிடைக்கிறது.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் இந்த அக்காவை யாரும் பிடிக்க முடியாது. எண்ணெய்ச் சட்டியை விட்டு நகரமாட்டார். பதில் வரவில்லை என்று "நின்றது" போடாதீர்கள். தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து ஒரு தேதி போட்டு, அதே கட்டத்தில் விட்டுவிடுங்கள்.

தேதி தவறியவர்களைச் சிவப்பாக்குங்கள்

A2:F100 பகுதியைத் தேர்ந்தெடுத்து, நிபந்தனை வடிவமைப்பில் தனிப்பயன் சூத்திரமாக இதைப் போட்டுச் சிவப்பு நிறம் கொடுங்கள்:

```
=AND($A2<>"",$B2<>"நின்றது",$D2<TODAY())
```

தேதி கடந்தவர்களும் தேதியே போடாதவர்களும் சிவப்பாகிவிடுவார்கள். இரண்டாவது வகைதான் அதிகம் தொலைந்துபோகிறது. காலையில் சிவப்பு வரிகளை மட்டும் பார்த்தால் போதும்.

மாதத்துக்கு ஒருமுறை எந்தக் கட்டத்தில் கூட்டம் என்று பாருங்கள். "பேச்சு" நிரம்பி வழிந்தால் புலனத்திலேயே இலவச ஆலோசனை நடக்கிறது. "விலை" நிரம்பியிருந்தால் தொகையை வாயால் சொல்லாமல் காகிதத்தில் சொல்கிறீர்கள், அல்லது முடிவெடுப்பவர் இல்லாதபோது பேசுகிறீர்கள். "நின்றது" என்று மாற்றும்போது C பத்தியில் காரணத்தை இரண்டு சொல்லில் எழுதுங்கள். E பத்தியை மொத்தமாகக் கூட்டி வருமானம் என்று மட்டும் நினைக்காதீர்கள். முன்பணம் வந்த வரிகள்தான் கணக்கு.

மறுவேலை

மெஸ்தி சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான். ஆறு மாதம் முன்பே நினைவூட்ட, அந்த வரியின் D பத்தியில் இதைப் போடுங்கள் (இரண்டாம் வரி என்றால்):

```
=EDATE(F2,30)
```

அக்காவின் சான்றிதழ் 10/3/2026 என்றால் 10/9/2028 என்று காட்டும். எண்ணாகத் தெரிந்தால் அந்தப் பெட்டியைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள்.

ஆனால் அதுவரை சும்மா இருந்தால் அதற்குள் அக்கா வேறு ஆளைப் பிடித்திருப்பார். நடுவிலேயே வேலை இருக்கிறது: உதவிக்கு வரும் பெண்கள் மாறுவார்கள், புதியவருக்கு ஊசியும் பயிற்சியும் வேண்டும், முறுக்கோடு மிளகாய்த் தூளும் போடுவார், அதற்குப் புதிய ஆவணமும் லேபிளும் வேண்டும். அதனால் முதலில் D பத்தியில் சூத்திரத்துக்குப் பதில் ஆறு மாதம் கழித்து ஒரு தேதியைக் கையால் போடுங்கள். அன்று அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்: "அக்கா, ஆள் யாராவது மாறினாங்களா? புதுச் சரக்கு ஏதாவது போடுறீங்களா?" ஆமாம் என்று பதில் வந்தால் புதிதாக ஒரு வரி சேர்த்து, நேராகப் "பார்வை"யில் போடுங்கள். எந்தப் பதிலானாலும் பழைய வரியில் சூத்திரத்தைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.